3% இலக்கை யார் தலையில் வைப்பது?

கேள்வி: ஐயா, ஓசூரில் இரு சக்கர வாகனங்களுக்கு அலுமினிய டை காஸ்டிங் பாகங்கள் செய்யும் கம்பெனியில் காஸ்ட் அக்கவுண்டன்டாக இருக்கிறேன். வாடிக்கையாளர் 3 வருடத்துக்கு விலைக்குறைப்பு கேட்டதால், ஒரு கவரின் அடக்கவிலையை வருடா வருடம் 3% குறைக்க வேண்டும் என்று எங்கள் எம்.டி. இலக்கு வைத்துவிட்டார். புரொடக்‌ஷன் மேனேஜர் கைசன் போதும் என்கிறார். டிசைன் பக்கம் வேல்யூ இன்ஜினியரிங்தான் வழி என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? இலக்கை எப்படிப் பிரிப்பது? செலவுத் தாளை இணைத்திருக்கிறேன்.
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்:

நீங்கள் அனுப்பிய செலவுத் தாளை முதலில் இங்கே எடுத்து வைக்கிறேன். விடை பாதிக்கு மேல் அதிலேயே இருக்கிறது. ஒரு கவருக்கு அலுமினியம் 130 ரூபாய், வெளியில் வாங்கும் புஷ், சீல் எல்லாம் 22, மின்சாரமும் எரிவாயுவும் 20, கூலி 24, டூல், எண்ணெய், டை ஸ்ப்ரே வகையறா 12, ரிஜெக்‌ஷன் நஷ்டம் 8, பேக்கிங் 6, தேய்மானமும் அலுவலகச் செலவும் 18. ஆக 240.

240-ல் 3% என்றால் முதல் வருடம் 7.20 ரூபாய். இரண்டாம் வருடம் குறைந்த தொகையின் மேல் 3%, அதாவது 6.98. மூன்றாம் வருடம் 6.77. மூன்று வருடம் முடியும்போது அடக்கவிலை 219.04-க்கு வந்திருக்க வேண்டும். சுமார் 21 ரூபாய் இறங்க வேண்டும்.

இப்போது புரொடக்‌ஷன் மேனேஜரின் ஆட்கள் கை வைக்கக்கூடிய வரிகள் எவை என்று பாருங்கள். மின்சாரம், கூலி, டூல், ரிஜெக்‌ஷன், பேக்கிங். கூட்டினால் 70 ரூபாய். அலுமினியத்தின் எடையை டிராயிங் தீர்மானிக்கிறது, விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. தேய்மானம் வாங்கிப் போட்ட மெஷினுக்கு உரியது. ஆகவே 21 ரூபாயையும் கைசனிலேயே எடுக்கச் சொன்னால், 70 ரூபாயில் 30% எடுக்கச் சொல்கிறோம் என்று பொருள். 3% என்று நோட்டீஸ் போர்டில் எழுதியிருப்பது ஷாப் ஃப்ளோருக்குப் போய்ச் சேரும்போது வருடத்துக்கு 10% ஆகிவிடுகிறது. முதல் வருடம் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார்கள். இரண்டாம் வருடம் எண்களைச் சரிக்கட்டத் தொடங்குவார்கள். அவர்கள் நேர்மையில் குறையில்லை, நாம் வைத்த இலக்கில்தான் குறை.

இரண்டும் ஒன்றல்ல. கைசன் காஸ்டிங், டிராயிங்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதே பாகத்தை இன்னும் குறைந்த செலவில் செய்யப் பார்க்கிறது. வேல்யூ இன்ஜினியரிங் டிராயிங்கையே கேள்வி கேட்கிறது: இந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது, அந்த வேலைக்கு இவ்வளவு உலோகம் வேண்டுமா, இந்தத் துளை வேண்டுமா? முன்னது வருடத்துக்கு ஒன்றிரண்டு ரூபாய் என்று படிப்படியாக வரும், உங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே முடியும். பின்னது ஒரே தடவையில் பெரிதாக வரும், வாடிக்கையாளர் கையெழுத்து இல்லாமல் நகராது.

பிறப்பிலேயே இவற்றுக்கு வேறு வேறு இடம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் கேட்ட பொருள் கிடைக்காமல், அதே வேலையைச் செய்யும் மாற்றுப் பொருளைத் தேடித் தேடி வாங்க வேண்டியிருந்தது. பல தடவை மாற்றுப் பொருள் மலிவாகவும் இருந்தது. அந்த அனுபவத்தை அங்கிருந்த பொறியாளர் லாரன்ஸ் மைல்ஸ் 1947-ல் ஒரு முறையாக்கினார். அதிலிருந்து வந்ததுதான் வேல்யூ இன்ஜினியரிங். பாகத்தின் வேலையை ஒரு வினை, ஒரு பெயர் என்று இரண்டே சொல்லில் எழுத வேண்டும் என்பது அவர் வழி வந்த ஒழுங்கு. கைசன் காஸ்டிங் ஜப்பானியக் கார் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. ஜப்பானியக் கணக்கியல் பேராசிரியர் யசுஹிரோ மொண்டென் 1990-களின் தொடக்கத்தில் அதை விளக்கி எழுதினார். புது மாடல் வரும் முன் டார்கெட் காஸ்டிங், அதன் கருவியாக வேல்யூ இன்ஜினியரிங். உற்பத்தி தொடங்கிய பின் கைசன் காஸ்டிங். வரிசை அதுதான். உங்கள் கவர் ஏற்கெனவே உற்பத்தியில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் டிசைன் ஆட்கள் சொல்வது சரியாக இருந்தும் உடனே நடக்காது. அதற்கு ஒரு வாசல் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில் கைசன் பங்கு. மொண்டென் விவரிக்கும் கணக்கு எளிது. போன வருடத்து உண்மையான செலவை உண்மையான உற்பத்தியால் வகுத்து ஒரு யூனிட் செலவை எடுக்க வேண்டும். அதை இந்த வருடம் செய்யப்போகும் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். வரும் தொகையில் இலக்குச் சதவீதத்தை எடுத்தால், இந்த வருடம் தொழிற்சாலை மிச்சப்படுத்த வேண்டிய ரூபாய் கிடைக்கும். போன வருடம் நீங்கள் 2 லட்சம் செய்தீர்கள், இந்த வருடம் 2.2 லட்சம் என்று தாளில் இருக்கிறது. கைசன் செலவு 70 × 2.2 லட்சம் = 1.54 கோடி. இதில் 4% வைக்கலாம் என்பது என் கருத்து. 6.16 லட்சம், யூனிட்டுக்கு 2.80 ரூபாய். இந்தத் தொகையைக் காஸ்டிங், மெஷினிங், அசெம்ப்ளி என்று ஒவ்வொரு பிரிவுக்கும் சமமாகப் பிரிக்காதீர்கள். அந்தந்தப் பிரிவு தானே கட்டுப்படுத்தும் செலவு எவ்வளவோ, அந்த விகிதத்தில் பிரியுங்கள்.

வருட முடிவில் உண்மையில் எட்டிய செலவுதான் அடுத்த வருடத்தின் தொடக்கம். 67.20-க்கு இறங்கினால் அடுத்த இலக்கு அதில் 4%, அதாவது 2.69. அதற்கடுத்து 2.58. ஸ்டாண்டர்ட் காஸ்டிங்கில் ஸ்டாண்டர்டைத் தொட்டால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே அடித்தளமே வருடா வருடம் இறங்குகிறது. 68-ல் நின்றுவிட்டால் 68-லிருந்தே தொடங்குங்கள். விட்டுப்போன 80 காசை அடுத்த வருட இலக்கில் சத்தமில்லாமல் ஏற்றினால், இலக்கு எங்கிருந்து வந்தது என்பதே ஃபோர்மேனுக்குப் புரியாமல் போகும்.

அந்த 2.80 எங்கிருந்து வரும்? உங்கள் தாளில் என் கண்ணில் முதலில் பட்டது ரிஜெக்‌ஷன் 8 ரூபாய். நூற்றுக்கு 8 பீஸ் லீக் டெஸ்ட்டில் போகிறது என்று குறித்திருக்கிறீர்கள். காஸ்டிங் எடுத்தவுடனேயே பீஸைத் தள்ளினால் நஷ்டம் கொஞ்சம். மெஷினிங்கும் முடிந்து லீக் டெஸ்ட்டில் குமிழ் வந்தால், அதுவரை போட்ட மின்சாரம், கூலி, கட்டர் எல்லாம் போய், அலுமினியமும் ஸ்கிராப் விலைக்கு இறங்கி, பீஸுக்கு ஏறத்தாழ 100 ரூபாய் போகிறது.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். கவரின் படத்தைப் பெரிதாக அச்சடித்து லீக் டெஸ்ட் மேஜைக்கு மேலே ஒட்டுங்கள். ஒவ்வொரு பீஸிலும் குமிழ் எங்கே வந்ததோ அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில் சனிக்கிழமை மாலை பார்த்தபோது பெரும்பாலான புள்ளிகள் ஒரே மூலையில், எண்ணெய் வழிக்குப் பக்கத்தில் குவிந்திருந்தன. டையைத் திறந்து அந்த மூலைக்கு நேரே டார்ச் அடித்தார்கள். காற்று வெளியேற வெட்டியிருந்த வென்ட்டில் ஸ்ப்ரே படிவும் மெல்லிய உலோகத் தகடும் அடைத்திருந்தன. காற்றுக்குப் போக வழியில்லாமல் உலோகத்துக்குள்ளேயே சிறைப்பட்டிருந்தது. கூடவே, லேடில் ஊற்றும் அளவு ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறியதால் உலோகத்தைத் தள்ளும் முனையில் மிஞ்சி உறையும் வட்டத் துண்டான பிஸ்கட்டின் கனமும் மாறிக்கொண்டிருந்தது. பிஸ்கட் மெலிந்தால் கடைசி நேர அழுத்தம் பாகத்துக்குள் போய்ச் சேராது, உள்ளே நுண்துளைகள் விழும். ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் பித்தளைச் சுரண்டியால் வென்ட்டைச் சுத்தம் செய்வது, மணிக்கு ஒருமுறை பிஸ்கட்டை அளந்து எழுதுவது என்று இரண்டு பழக்கம் வந்தது. புது முதலீடு இல்லை. உங்களிடம் 8 என்பது 6.70 ஆனாலே 1.30 ரூபாய் வந்துவிடும்.

மீதியில் 80 காசு டூல், ஸ்ப்ரே வரியில் எடுக்கலாம். டை ஸ்ப்ரேயைக் கண்ணளவில் கலக்காமல் அளந்து கலப்பது, கட்டரை அதன் ஆயுள் எண்ணிக்கை முடியும் வரை ஓட்டுவது. இன்னொரு 70 காசு மின்சாரத்தில்: ஹோல்டிங் ஃபர்னஸின் மூடி, கம்ப்ரஸர் காற்றுக் கசிவு. ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினும் நின்றிருக்கும்போது கம்ப்ரஸரை மட்டும் ஓட்டிப் பாருங்கள், அடிக்கடி லோடு ஏறினால் கசிவு எவ்வளவு என்று காதாலேயே தெரியும்.

கூலியில் நான் ஒரு காசும் எழுதவில்லை. கவனித்திருப்பீர்கள். உங்கள் மேனேஜர் அனுப்பிய கைசன் பட்டியலில் பெரிய தொகை அதில்தான் இருக்கிறது: சைக்கிள் டைம் 62 விநாடியிலிருந்து 56. 2.2 லட்சம் பீஸுக்கு 6 விநாடி வீதம் வருடத்தில் 367 மணி நேரம் மிச்சம். அதை மணிக்கூலியால் பெருக்கி ரூபாய் போட்டிருக்கிறார். ஆனால் மாதச் சம்பளக்காரர் 367 மணி நேரம் சும்மா நின்றாலும் சம்பளம் அதேதான். அந்த நேரம் ஓவர்டைமைக் குறைத்ததா, வேறு பாகம் செய்து விற்றீர்களா, கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் குறைந்தாரா? இந்த மூன்றில் ஒன்று நடந்தால் ரூபாய். இல்லையென்றால் அது நேரம் மட்டுமே. நல்ல வேலைதான், எழுதி வையுங்கள், ஆனால் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறை நானே செய்திருக்கிறேன். பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு பாகக் கம்பெனியில், தேய்மானமும் அலுவலகச் செலவும் உள்பட மொத்த அடக்கவிலைக்கும் குறைப்பு இலக்கு வைத்தேன். அந்த வருடம் ஆர்டர் கூடியது, இலக்கை எளிதாகத் தாண்டினோம், விழா எடுத்தோம். அடுத்த வருடம் ஆர்டர் இறங்கியது, மிச்சம் என்று சொன்னதில் பாதி காணாமல் போனது. உங்கள் தாளிலேயே அது நடக்கும். 18 ரூபாய் × 2 லட்சம் = 36 லட்சம். அதே 36 லட்சத்தை 2.2 லட்சம் கவரால் வகுத்தால் 16.36. யாரும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் திருகாமல் 1.64 ரூபாய் ‘மிச்சம்’. இதைக் கைசன் கணக்கில் சேர விடாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர், 2023 ஜூலை, 2024 ஜூலை என்று மின்கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்தது. யூனிட்டைக் குறைத்தும் பில் ஏறியிருந்தால் அந்த ஆட்கள் தோற்றதாகிவிடுமா? ஆகவே மின்சாரத்தை ஒரு கவருக்கு எத்தனை யூனிட் என்று அளந்து, போன வருட விலையால் பெருக்கிக் காட்டுங்கள். விலை ஏற்றத்தைக் கீழே தனி வரியாக வையுங்கள். சம்பள ஒப்பந்தத்துக்கும் இதே முறைதான்.

இனி வேல்யூ இன்ஜினியரிங். உங்கள் டிராயிங் என்னிடம் இல்லை. அதனால் இதே வகைக் கவரில் எப்படிப் பார்ப்போம் என்று சொல்கிறேன். டூல் ரூம், குவாலிட்டி, பர்சேஸ், முடிந்தால் வாடிக்கையாளரின் டிசைன் இன்ஜினியர் எல்லோரும் ஒரு மேஜையில். கவரைப் பொருத்திய இன்ஜின் ஒன்றும் அதே மேஜையில். எது எதைத் தொடுகிறதோ அங்கெல்லாம் மார்க்கரால் நீலம் பூசுங்கள். பிறகு ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு சொல்: எண்ணெயைத் தடு. போல்ட்டைத் தாங்கு. கேபிளைப் பிடி. நீலமும் இல்லாமல் இரண்டு சொல்லும் கிடைக்காமல் ஒரு மேடோ விலாவோ மிஞ்சினால் அங்கே நில்லுங்கள். பழைய மாடலில் ஏதோ ஒரு பிராக்கெட்டைத் தாங்கிய மேடு, பிராக்கெட் போன பிறகும் டிராயிங்கில் தங்கியிருப்பது இந்தத் தொழிலில் சாதாரணம்.

அவசரப்பட்டு வெட்டியும் விடக்கூடாது. எதையும் தொடாத விலா, அதிர்வையும் சத்தத்தையும் அடக்குவதற்காக இருக்கலாம். மேடு ஏற்றுமதி மாடலுக்குத் தேவைப்படலாம். சில திண்டுகள் இஜெக்டர் பின் தள்ளுவதற்காகவே இருக்கும், அவை இல்லாவிட்டால் பாகம் டையிலிருந்து வளையாமல் வெளியே வராது. அதனால்தான் டூல் ரூம் ஆள் அந்த மேஜையில் இருக்க வேண்டும் என்றேன்.

560 கிராம் கவரில் 40 கிராம் குறைக்க முடிந்தது என்று வைப்போம். உருக்கல் நஷ்டம் 5% சேர்த்து 42 கிராம், உங்கள் தாளில் உள்ள கிலோ 220 ரூபாய்க்கு 9.20 சொச்சம். ஒரே மாற்றத்தில், மூன்று வருடக் கைசனை விட அதிகம். கைசன் மூன்று வருடமும் சேர்ந்து 8.07-தான் தருகிறது.

ஆனால் மூன்று தடைகள் இருக்கின்றன. முதலாவது டை. பாகத்தில் உலோகத்தைக் குறைப்பது என்றால் டையில் இரும்பைக் கூட்டுவது. மேடு இருந்த குழியை ஒரு இன்செர்ட் போட்டு அடைக்கலாம், சுவரின் கனத்தைக் குறைப்பது ஓடுகிற டையில் அநேகமாக நடக்காது. வெல்டிங் வைத்து ஒப்பேற்றினால் அந்த இடத்தில் சீக்கிரம் விரிசல் விடும். நான் முன்னே சொன்ன வாசல் இதுதான்: அலுமினியம் வார்க்கும் டை சுமார் ஒரு லட்சம், ஒன்றேகால் லட்சம் ஷாட்டில் ஆயுள் முடிந்து எப்படியும் புது டை போடத்தான் வேண்டும். புது டைக்கு வரைபடம் போகும் நாள்தான் உங்கள் வேல்யூ இன்ஜினியரிங்குக்கு நாள்.

இரண்டாவது சோதனைச் செலவும் வாடிக்கையாளர் ஒப்புதலும். சாம்பிள், அதிர்வுச் சோதனை, ஓட்டச் சோதனை எல்லாம் சேர்ந்து 6 லட்சம் என்று எடுத்துக்கொண்டால், அதை முதல் வருட மிச்சத்திலிருந்து வெளிப்படையாகக் கழியுங்கள். பாதி வருடத்தில் புது டை ஓடத் தொடங்கினால், 1.1 லட்சம் கவருக்கு 10.12 லட்சம் மிச்சம், 6 போக 4.12 லட்சம்தான் கையில்.

மூன்றாவதுதான் பெரியது. கைசனில் கிடைத்த மிச்சம் உங்கள் கேட்டுக்குள் இருக்கிறது. எடை குறைந்ததோ வாடிக்கையாளர் டிராயிங்கிலேயே தெரிகிறது. இத்தொழிலில் பல ஒப்பந்தங்களில் அலுமினிய விலை, எடையோடு பெருக்கித் தனி வரியாக நிற்கும். எடை 560-லிருந்து 520 ஆனால் 9.20 ரூபாயும் தானாக விலையிலிருந்து போய்விடும், உங்கள் 3% அப்படியே மிச்சம் நிற்கும். ஆகவே யோசனையைக் கொடுக்கும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: இந்த மிச்சம் வருட 3%-க்குள் அடக்கமா, அதற்கு வெளியேயா? பாதிப் பாதி பங்கு என்றால் எத்தனை வருடத்துக்கு?

அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்று பாருங்கள். 3%-க்குள் அடக்கம் என்று ஒப்புக்கொண்டால், முதல் வருடம் கைசன் 2.80, பாதி வருட எடைக் குறைப்பு 4.60, ஆக 7.40. இலக்கு 7.20. இரண்டாம் வருடம் 2.69-ம் மீதி 4.60-ம் சேர்ந்து 7.29, இலக்கு 6.98. மூன்றாம் வருடம் 2.58 மட்டும், இலக்கு 6.77. வெளியே, பாதிப் பங்கு என்றால் முதல் வருடமே 5.10-ல் நின்றுவிடும். மூன்று வருடக் கூட்டு 12.67, கேட்பது 21.

எம்.டி.யிடம் போகும்போது இந்த மூன்று வருடக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மூன்றாம் வருடப் பள்ளத்தை மறைக்காதீர்கள். அதை நிரப்ப ஏறத்தாழ 4 ரூபாய்க்கு இன்னொரு டிராயிங் மாற்றம் வேண்டும். புஷ், சீல் இருக்கும் 22 ரூபாய் வரியை யாரும் இன்னும் தொடவில்லை, அங்கே தொடங்கலாம். அல்லது 3% என்பது மொத்த விலைக்கா, அலுமினியம் நீங்கலான விலைக்கா என்று வாடிக்கையாளரிடம் பேச வேண்டும். அலுமினிய விலை ஏறி இறங்குவதை அவரே ஏற்கிறார் என்றால், அதன் மேல் வருடக் குறைப்பு கேட்பதில் நியாயமில்லை. அலுமினியம் போக மீதி 110 ரூபாய்க்கு 3% என்றால் வருடம் 3.30-தான். அதைக் கைசனும் ஒரு சிறு டிராயிங் மாற்றமும் தாங்கும்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் டூல் ரூமுக்குப் போய் ஷாட் கவுண்டரைப் பாருங்கள். வருடம் 2.2 லட்சம் என்றால் மாதம் 18,000 ஷாட். டைக்கு 1.2 லட்சம் ஆயுள் என்று வைத்து, கவுண்டர் 80,000 காட்டினால் இரண்டு மாதம் சொச்சம்தான் பாக்கி. ஒப்புதலுக்கு நாலு மாதம் பிடிக்கும் என்றால் இந்தப் புது டையைப் பிடிக்க முடியாது, அது பழைய டிராயிங்கிலேயே வெட்டப்படும். அதற்கு அடுத்த டையைக் குறி வைத்து யோசனையை இந்த மாதமே அனுப்புங்கள். கவுண்டர் 30,000-தான் காட்டுகிறது என்றால் உங்களுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. நாளைக்கே அந்த இன்ஜினையும் நீல மார்க்கரையும் மேஜைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.